குழந்தையின் பக்கத்தில் உட்காரப்போகிறவர் எழுதும் கடிதம்

இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளிகளின் வேலை விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படும் பதவி டீச்சிங் அசிஸ்டென்ட். பள்ளிக்குள் எல்லோரும் டி.ஏ. என்றே சொல்வார்கள். வகுப்பாசிரியர் முப்பது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும்போது, பின்தங்கிய நான்கைந்து பேரோடு தரையில் உட்கார்ந்து படிக்கவைப்பவர். மூக்கு ஒழுகுகிறவனுக்குத் திசுத்தாள் எடுத்துக் கொடுப்பவர். மதிய உணவு வேளையில் மைதானத்தில் நிற்பவர். நாடு முழுவதும் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் இந்த வேலையில் இருக்கிறார்கள்.

ஒரு காலத்தில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் அதே பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார்கள்தான் வந்தார்கள். இன்றும் அவர்கள் வருகிறார்கள். கூடவே, பட்டம் வாங்கிய கையோடு வரும் இளைஞர்களும் நிற்கிறார்கள். ஆசிரியர் பயிற்சியான பி.ஜி.சி.இ.யில் சேருவதற்கு முன் ஓராண்டு வகுப்பறையைப் பார்த்துவிடலாம் என்பது அவர்களில் பலரின் கணக்கு. இந்த வேலைக்கென்று அரசு விதித்த கட்டாயக் கல்வித் தகுதி எதுவும் இல்லை. பள்ளிகள் வழக்கமாகக் கேட்பது, 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வில் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் தேர்ச்சி. பட்டம் என்பது கேட்கப்பட்டதற்கு மேலே இருக்கும் உபரிதான். பட்டதாரிகள் எழுதும் விண்ணப்பக் கடிதம் சறுக்கத் தொடங்குவது இங்கேதான். கடிதத்தின் பாதியை அந்த உபரி எடுத்துக்கொண்டுவிடுகிறது.

கடிதம் எப்படிப் படிக்கப்படுகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். விளம்பரத்தோடு இரண்டு தாள்களைப் பள்ளி இணைக்கும். ஒன்று, வேலையில் என்னென்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல். மற்றது, வருகிறவரிடம் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியல். இதற்கு பெர்சன் ஸ்பெசிஃபிகேஷன் என்று பெயர். இதில் ‘கட்டாயம்’, ‘இருந்தால் நல்லது’ என்று இரண்டு பத்திகள் இருக்கும். தலைமை ஆசிரியர், சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்குப் பொறுப்பான ஆசிரியர் என இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து, ஒவ்வொரு கடிதத்தையும் இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவார்கள். ‘ஆசிரியரின் வழிகாட்டுதலில் பணியாற்றும் திறன்’ என்று ஒரு வரி கட்டாயப் பத்தியில் இருந்து, கடிதத்தில் அதற்கு ஆதாரம் எதுவும் இல்லையென்றால் அங்கே பூஜ்யம். கடிதம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் பூஜ்யம்தான். ‘எனக்கு அந்தத் திறன் உண்டு’ என்று எழுதியிருந்தாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. எங்கே, யாரிடம், என்ன செய்தபோது என்பதுதான் ஆதாரம்.

ஆகவே, தனியாக ஒரு கடிதம் எழுதி எல்லாப் பள்ளிக்கும் அனுப்புவது தபால்தலைக்குக்கூடப் பயன்படாத வேலை. பல பள்ளிகள் தனிக் கடிதமாகக் கேட்காமல், விண்ணப்பப் படிவத்திலேயே ஒரு பெரிய கட்டம் கொடுத்து அதில் எழுதச் சொல்லும். எந்த வடிவமானாலும் ஏ4 தாளில் ஒன்றிலிருந்து இரண்டு பக்கம் போதும்.

சரி, எதை எழுதுவது? அதற்கு இந்த வேலையைப் பற்றி ஒரு சங்கடமான உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2003 முதல் 2008 வரை லண்டன் பல்கலைக்கழகத்தின் கல்வி நிறுவனத்தில் பீட்டர் பிளாட்ச்ஃபோர்ட் தலைமையில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள பள்ளிகளில் டி.ஏ.க்கள் என்ன செய்கிறார்கள், அதனால் பிள்ளைகளுக்கு என்ன பலன் என்று பார்த்தார்கள். முடிவு எல்லோரையும் திடுக்கிட வைத்தது. டி.ஏ.யின் உதவி அதிகம் கிடைத்த பிள்ளைகள், அதே நிலையில் இருந்து குறைவான உதவி பெற்ற பிள்ளைகளைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். பழியை டி.ஏ.க்கள் மேல் போட முடியாது என்பதையும் ஆய்வாளர்கள் தெளிவாகச் சொன்னார்கள். ஆசிரியரோடு உட்கார்ந்து திட்டமிட அவர்களுக்கு நேரமே ஒதுக்கப்படவில்லை. மிகவும் பின்தங்கிய பிள்ளைகள் ஆசிரியரிடமிருந்து பிரிந்து டி.ஏ.யின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தார்கள். இன்னொரு காரணமும் உண்டு. கடிதம் எழுதுகிறவருக்கு அதுதான் முக்கியம். பிள்ளை கற்றுக்கொண்டதா என்பதைவிட, கொடுத்த பயிற்சித் தாள் முடிந்ததா என்பதிலேயே பலருக்குக் கவனம் இருந்தது. பிள்ளை திணறினால் உடனே விடையைச் சொல்லிவிட்டார்கள்.

அதன்பின் பள்ளிகள் பாடம் படித்தன. 2015இல் கல்வி அறக்கொடை அறக்கட்டளையான எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன் டி.ஏ.க்களை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று ஒரு கையேடு வெளியிட்டது. இன்று பல பள்ளிகளில் டி.ஏ.க்குச் சொல்லிக் கொடுக்கும் முறை ஒரு படிவரிசை. பிள்ளை திணறினால் முதலில் ஒன்றும் செய்யாமல் பொறுத்துப் பார். தானாக வழி கண்டுபிடிக்கலாம். இல்லையென்றால் ‘அடுத்து என்ன செய்யலாம்?’ என்று மட்டும் கேள். அதற்கும் நகரவில்லையென்றால் ஒரு சின்ன துப்பு கொடு. அதுவும் போதவில்லையென்றால் நீ ஒன்றைச் செய்து காட்டி, பிறகு அவனைச் செய்யவிடு. விடையை நேராகச் சொல்வது எல்லாவற்றுக்கும் கடைசி.

ஓர் ஆறு வயதுப் பிள்ளை கப்பலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘ஷிப்’ எழுத முயல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘எஸ்’ எழுதிவிட்டு, ‘ஐ’, ‘பி’ என்று முடித்துவிட்டது. வாசித்தால் ‘சிப்’ என்று வருகிறது. பழக்கமில்லாதவர் உடனே ‘நடுவில் ஹெச் விட்டுப்போச்சு பார்’ என்பார். தாள் திருத்தமாகிவிடும், மறுநாள் ‘ஷாப்’ எழுதும்போது மறுபடி ஹெச் காணாமல் போகும். பயிற்சி பெற்றவர் ‘நீ எழுதினதை வாசி பார்ப்போம்’ என்பார். பிள்ளை ‘சிப்’ என்று வாசித்து, எங்கோ இடிக்கிறதே என்று முகத்தைச் சுளிக்கும். அப்புறம் ‘முதல் ஓசை என்ன?’ என்ற ஒரு கேள்வி. அப்போதும் வரவில்லையென்றால், சுவரில் இருக்கும் ஓசை அட்டையை விரலால் சுட்டுவது. இரண்டு எழுத்து சேர்ந்து ‘ஷ்’ என்ற ஒரே ஓசை தருவதைப் பிள்ளை தானே அட்டையில் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கெல்லாம் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஆனால் அந்த ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருப்பது சுலபமில்லை.

தலைமை ஆசிரியர் கடிதத்தில் தேடுவது இந்தப் பொறுமையின் தடயத்தைத்தான். புதிய பட்டதாரிக்கு இந்த நுட்பங்கள் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அது எங்கே சிக்கிக்கொள்கிறது என்று கவனித்த அனுபவம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

இனி ஒரு கற்பனை விண்ணப்பதாரரை எடுத்துக்கொள்வோம். லண்டனில் வளர்ந்த தமிழ்ப் பெண். உயிரியல் மருத்துவத்தில் பட்டம். கையில் வகுப்பறை அனுபவம் என்று சொல்ல, வாராந்திரத் தமிழ்ப் பள்ளியில் சனிக்கிழமைகளில் தொண்டு செய்தது மட்டுமே உண்டு. படிக்கும்போது ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பணம் வாங்கும் இடத்தில் வேலை. பட்டம் முடித்தபின் ஆறு மாதம் வேலை எதுவும் இல்லை. உடம்புக்கு முடியாத பாட்டியைப் பார்த்துக்கொண்டார். விண்ணப்பிப்பது ஒன்றாம் வகுப்பு டி.ஏ. வேலைக்கு. காலையில் வகுப்பில் உதவி. மதியம் பின்தங்கியவர்களைச் சின்னக் குழுவாக வைத்து எழுத்து-ஓசைப் பயிற்சி, அதாவது ஃபோனிக்ஸ்.

அவருடைய முதல் கடிதம் இப்படித் தொடங்கலாம்: ‘சிறுவயது முதலே எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர். நான் கடின உழைப்பாளி, பொறுமைசாலி, குழுவாகப் பணியாற்றுவதில் விருப்பமுள்ளவள். என் பட்டப் படிப்பின் ஆய்வுக் கட்டுரைக்கு உயர்ந்த மதிப்பெண் பெற்றேன். உங்களுடைய தலைசிறந்த பள்ளியில் பணியாற்றக் கிடைக்கும் வாய்ப்பைப் பெருமையாகக் கருதுவேன்.’

இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் பள்ளியின் பெயரை மாற்றி எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். படிக்கிறவருக்கு அது உடனே தெரிந்துவிடும். ‘தலைசிறந்த’ என்ற புகழ்ச்சியும் ஆபத்தானது. ஆஃப்ஸ்டெட் என்ற ஆய்வு அமைப்பு முன்பு ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ‘அவுட்ஸ்டாண்டிங்’, ‘குட்’ என்று ஒற்றைச் சொல்லில் தரம் கொடுத்துக்கொண்டிருந்தது. 2024 செப்டம்பரில் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. எட்டு வருடத்துக்கு முந்தைய தரச் சொல்லைக் கடிதத்தில் மேற்கோள் காட்டுகிறவர், பள்ளியைப் பற்றி வேறெதுவும் தேடிப் பார்க்கவில்லை என்று தானே ஒப்புக்கொள்கிறார்.

திருத்திய கடிதத்தின் தொடக்கம் இரண்டு வரியில் வேலையை முடிக்கும். எந்தப் பதவி, எந்த வகுப்பு, எங்கே விளம்பரம் பார்த்தார். பள்ளியில் நேரில் பார்த்தது என்ன. பல பள்ளிகள் விண்ணப்பிக்கும் முன் வந்து சுற்றிப் பார்க்க அழைப்பு விடுகின்றன. போனால் ஏதாவது ஒன்று கண்ணில் படும். எல்லா மேசையிலும் ஒரே மாதிரியான ஓசை அட்டைகள், வாசிக்கும் மூலையில் வேற்றுமொழிப் புத்தகங்கள், மைதானத்தில் பெரிய பிள்ளைகள் சின்னவர்களைப் பார்த்துக்கொள்வது. அதில் ஒன்றை எழுதினால் போதும். பாராட்டு தானாக வந்துவிடும்.

கடிதத்தின் முதுகெலும்பு இரண்டாவது பத்தி. அந்தப் பெண் இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும், இங்கே அதன் சாரம்:

‘சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளின் வகுப்பில் இரண்டு ஆண்டுகளாக ஆசிரியருக்கு உதவி வருகிறேன். ஒரு பையனுக்கு மூன்று சுழி எழுத்தும் இரண்டு சுழி எழுத்தும் குழம்பும். எழுதச் சொன்னாலே பென்சிலை மேசைக்கு அடியில் போட்டுவிடுவான். நான் அவன் கையைப் பிடித்து எழுதவைத்தேன். பக்கம் நிறைந்தது, அடுத்த வாரம் ஒன்றும் நினைவில் இல்லை. ஆசிரியரிடம் சொன்னேன். எழுதுவதற்கு முன் சுழிகளை அவனையே விரலால் காற்றில் போட்டு வாய்விட்டு எண்ணச் சொல்லும்படி அவர் கூறினார். அதன்பின் நான் பென்சிலைத் தொடவில்லை. அரைப் பருவம் முடிவதற்குள் அவன் கேட்காமலேயே எண்ணிப் பார்த்து எழுதத் தொடங்கினான். எந்த எழுத்தில் நிற்கிறான் என்பதை ஒவ்வொரு வாரமும் இரண்டு வரி எழுதி ஆசிரியரிடம் கொடுத்துவந்தேன்.’

மதிப்பெண் போடுகிறவரின் கையில் இருக்கும் பட்டியலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளோடு அனுபவம்: உண்டு, எத்தனை ஆண்டு, எந்த வயது என்பதும் வந்துவிட்டது. ஆசிரியரின் வழிகாட்டுதலில் பணியாற்றுதல்: தானாக முடிவெடுக்காமல் போய்க் கேட்டிருக்கிறார், சொன்னபடி மாற்றிக்கொண்டிருக்கிறார். முன்னேற்றத்தைக் கவனித்துச் சொல்லுதல்: வாராந்திரக் குறிப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, தாள் நிரம்புவதும் பிள்ளை கற்பதும் ஒன்றல்ல என்பது இந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. ‘பொறுமைசாலி’ என்ற சொல் எங்கேயும் இல்லை. தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுத்த அனுபவம் ஆங்கிலப் பள்ளிக்கு எதற்கு என்று தயங்கி இதை எழுதாமல் விடுகிறவர்கள் உண்டு. அது வீண் தயக்கம்.

பையனின் பெயர் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு பிள்ளையை அடையாளம் காட்டும் விவரத்தைக் கடிதத்தில் எழுதுகிறவர், நாளை எங்கள் பிள்ளைகளைப் பற்றி வெளியே என்ன பேசுவாரோ என்ற சந்தேகத்தைக் கிளப்பிவிடுவார்.

மூன்றாவது பத்தி ஃபோனிக்ஸ் பற்றியது. பட்டியலில் அது ‘இருந்தால் நல்லது’ பத்தியில்தான் இருக்கும். அந்தப் பெண்ணுக்கு அனுபவமும் கிடையாது. இல்லாததை இருப்பதாகக் காட்ட வேண்டாம். ஆனால் இந்த வகுப்பில் அது ஏன் முக்கியம் என்பது தெரியும் என்று காட்டலாம். ஒன்றாம் வகுப்பு முடியும் ஜூன் மாதத்தில் நாடு முழுவதும் ஒரு ஃபோனிக்ஸ் சோதனை நடக்கிறது, 2012இல் தொடங்கியது. பிள்ளை தனியாக ஆசிரியர் எதிரே உட்கார்ந்து நாற்பது சொற்களை வாசிக்க வேண்டும். அதில் இருபது பொருளே இல்லாத பொய்ச் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வினோதப் பிராணியின் படம் இருக்கும். மனப்பாடமா, ஓசை கூட்டி வாசிக்கிறதா என்று கண்டுபிடிக்கும் தந்திரம் அது. பள்ளியின் இணையதளத்தில் எந்த ஃபோனிக்ஸ் திட்டத்தைப் பின்பற்றுகிறார்கள் என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து, ‘உங்கள் திட்டத்தின் ஓசை வரிசையை வாசித்துவருகிறேன், பயிற்சி கொடுத்தால் விரைவில் குழு நடத்த முடியும்’ என்று எழுதலாம். அவருடைய பட்டத்துக்கும் இங்கே ஓர் ஓரமான இடம் கிடைக்கும்: ஆய்வுக்கூடத்தில் அளந்து, குறித்து, வேறுபாடு கண்ட பழக்கம். ஒரே ஒரு வாக்கியம்.

குழந்தைப் பாதுகாப்பு பற்றிய பத்திதான் புதியவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது. ‘குழந்தைப் பாதுகாப்பு மிக முக்கியம் என்று நம்புகிறேன்’ என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போகிறார்கள். பள்ளி கேட்பது நம்பிக்கையை அல்ல, நடைமுறையை. ஒரு பிள்ளை வந்து ‘வீட்டில் நடந்ததை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்’ என்றால் என்ன செய்வீர்கள்? சத்தியம் செய்யக் கூடாது. தூண்டித் துருவிக் கேட்கக் கூடாது. சொன்னதைச் சொன்ன சொற்களிலேயே எழுதி, பாதுகாப்புக்குப் பொறுப்பாக ஒவ்வொரு பள்ளியிலும் நியமிக்கப்பட்டிருக்கும் அதிகாரியிடம் அன்றே சேர்க்க வேண்டும். இது தெரியும் என்று இரண்டு வாக்கியத்தில் காட்டினால் கட்டாயப் பத்தியில் இன்னொரு கட்டம் நிறையும்.

இதே காரணத்தால்தான் அந்த ஆறு மாத இடைவெளியையும் மறைக்கக் கூடாது. பள்ளிகள் பின்பற்ற வேண்டிய அரசு வழிகாட்டி, ‘கீப்பிங் சில்ட்ரன் சேஃப் இன் எஜுகேஷன்’. சுயவிவரக் குறிப்பை மட்டும் அனுப்பினால் ஏற்கக் கூடாது, விண்ணப்பப் படிவம் வேண்டும் என்று அது சொல்கிறது. வேலை வரலாற்றில் இருக்கும் இடைவெளிகளுக்கு விளக்கம் கேட்கவும் சொல்கிறது. விண்ணப்பதாரரைச் சந்தேகப்பட்டு அல்ல. குழந்தைகளை அணுகக் கூடாதவர்கள் தங்கள் கடந்த காலத்தை மறைத்து உள்ளே வந்த கசப்பான அனுபவங்களால் வந்த விதி இது. ‘உடல்நலமில்லாத பாட்டியைப் பார்த்துக்கொண்டேன்’ என்று படிவத்தில் தேதியோடு எழுதிவிட்டால் விஷயம் முடிந்தது. எழுதாமல் விட்டால் நேர்காணலில் அதுவே முதல் கேள்வியாக வரும். தேர்வானபின் குற்றப் பின்னணிச் சோதனையும் உண்டு. இந்தியாவிலோ இலங்கையிலோ அண்மையில் வாழ்ந்தவர்களிடம் அந்த நாட்டுக் காவல்துறைச் சான்றிதழையும் பள்ளி கேட்கலாம். அது கைக்கு வர நாளாகும் என்பதால் முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது.

பட்டதாரியின் கடிதத்தைப் படிக்கும் தலைமை ஆசிரியருக்கு ஒரு சந்தேகம் எப்போதும் இருக்கும்: ‘செப்டம்பரில் சேர்ந்து ஜூலையில் கிளம்பிவிடுவாரோ?’ ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் எண்ணத்தை மறைப்பதா, சொல்வதா என்று பலரும் குழம்புகிறார்கள். சொல்லிவிடுவதே மேல். கூடவே, இந்தக் கல்வியாண்டு முழுவதும் இருப்பேன் என்றும் சொல்ல வேண்டும். அது உண்மையாகவும் இருக்க வேண்டும். தங்கள் பள்ளியிலேயே ஆசிரியர்களை உருவாக்கிக்கொள்ள விரும்பும் தலைமை ஆசிரியர்களுக்கு இந்த ஆசை ஒரு குறையே அல்ல. டி.ஏ. வேலையை ஒரு படிக்கல்லாக மட்டும் பேசும் தொனிதான் எரிச்சலூட்டும். இருபது ஆண்டாக அதே வேலையைப் பார்த்துவரும் ஒருவரும் தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருக்கக்கூடும்.

சம்பளத்தைப் பற்றிக் கடிதத்தில் எழுத வேண்டியதில்லை. ஆனால் எழுதும் முன் புரிந்துகொள்ள வேண்டும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் முழுநேர, முழு ஆண்டுக் கணக்கு. டி.ஏ.க்கு வழக்கமாகப் பள்ளி நடக்கும் 39 வாரங்களுக்கும் அதற்குரிய விடுப்புக்கும்தான் ஊதியம். வார நேரமும் குறைவு. 25,000 பவுண்டு என்று போட்டிருந்தால், கைக்கு வரும் ஆண்டுச் சம்பளம் வரிக்கு முன்பே 19,000 அளவுக்கு இறங்கிவிடலாம். வேலை கிடைத்தபின் இதைக் கண்டுபிடித்து மறுத்துவிடுகிறவர்களும் உண்டு. அதில் இரண்டு தரப்புக்கும் நேரம்தான் வீண்.

கடைசிப் பத்தி சுருக்கமாக இருக்கட்டும். நேர்காணலுக்கு வரும்போது ஒரு சின்னக் குழுவோடு பத்து பதினைந்து நிமிடம் கதை வாசித்துக் காட்டச் சொல்வது பல பள்ளிகளில் வழக்கம். அதற்குத் தயார் என்று ஒரு வரி. தமிழ் பேசத் தெரியும் என்பதற்கு ஒரு வரி. ஹாரோ, பிரென்ட், ரெட்பிரிட்ஜ் போன்ற லண்டன் பகுதிகளில் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் கணிசமாக இருக்கிறார்கள். ஆங்கிலம் வராமல் முதல் வாரம் அழும் பிள்ளைக்கும், வாசலில் தயங்கி நிற்கும் பாட்டிக்கும் அது உதவும். பள்ளியில் அப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

அனுப்பும் முன் பள்ளியின் பெயரும் தலைமை ஆசிரியரின் பெயரும் சரியா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். போன வாரம் வேறு பள்ளிக்கு எழுதிய பெயர் இந்தக் கடிதத்தில் ஒட்டிக்கொண்டு வருவது அதிகம் நடக்கிற விபத்து. பரிந்துரைக்காகப் பெயர் கொடுத்திருப்பவர்களுக்கு முன்பே சொல்லிவையுங்கள். பல பள்ளிகள் நேர்காணலுக்கு முன்னரே அவர்களுக்கு எழுதிவிடும். போதுமான விண்ணப்பங்கள் வந்துவிட்டால் கடைசித் தேதிக்கு முன்பே முடித்துக்கொள்ளும் உரிமையும் பள்ளிக்கு உண்டு என்று பல விளம்பரங்களின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அந்த வரி இருந்தால் கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள்.